சரளி வரிசைக்கு ஏற்ற வயது எது?

விஜயதசமி நெருங்கும்போது தில்லித் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். குழந்தையை இந்த ஆண்டே பாட்டு வகுப்பில் சேர்ப்பதா, இன்னும் ஓராண்டு பொறுப்பதா? குழந்தைகளின் பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் எவ்வாறு உருவாகிறது என்பது என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். சில ஆண்டுகள் வாய்ப்பாட்டும் கற்றிருக்கிறேன். எனவே அந்தக் கேள்வி ஆண்டுதோறும் என்னிடமும் வந்து சேர்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிவந்ததை இம்முறை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன்.

பொதுவாக இரண்டு விடைகள் புழக்கத்தில் உள்ளன. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, இசையும் மொழியைப் போன்றதுதானே என்பது ஒன்று. ஏழு வயதுவரை தொந்தரவு செய்யாதீர்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டு விடைகளும் வெவ்வேறான இரு செயல்களை ஒரே பெயரால் அழைக்கின்றன. தமிழில் அவற்றுக்கு ஏற்கெனவே தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன: கேள்வி ஞானம், பாடம்.

மொழியோடு ஒப்பிடுபவர்கள் சொல்வது கேள்வி ஞானத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. 1984இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் எல்லோரும் படிப்பது. இந்தியிலுள்ள பல்லொலித் தகரத்துக்கும் நாவளை டகரத்துக்கும் இடையிலான வேறுபாட்டை, ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் ஆறேழு மாதக் குழந்தை உணர்கிறது. முதல் பிறந்தநாள் நெருங்கும்போது அதே குழந்தைக்கு அவ்வேறுபாடு பெரும்பாலும் கேட்பதில்லை. தன்னைச் சுற்றி ஒலிக்கும் மொழிக்கு ஏற்பச் செவி தன்னைச் சீரமைத்துக்கொண்டுவிடுகிறது. தாளத்திலும் இதுபோன்ற ஒன்று நிகழ்வதை எரின் ஹானனும் சாண்ட்ரா டிரெஹப்பும் 2005இல் காட்டினார்கள். வட அமெரிக்கக் குழந்தைகள் ஆறு மாதத்தில் பால்கன் நாட்டார் இசையின் சமச்சீரற்ற தாளக்கட்டில் நேரும் பிசகைக் கண்டுகொண்டார்கள். பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் மங்கியிருந்தது. எனினும் அத்தகைய இசையைச் சில நாட்கள் வீட்டில் கேட்கச் செய்தவுடன் திறன் மீண்டும் வந்தது. ஆகவே கேட்பதற்கு ‘மிகச் சீக்கிரம்’ என்று ஒரு வயது கிடையாது. மிஸ்ர சாபு ஒலிக்கும் வீட்டில் தவழும் குழந்தை அதைத் தன் காதுக்குச் சொந்தமாக்கிக்கொள்கிறது.

பாடம் வேறு வகையான செயல். தாய்மொழியை எந்தக் குழந்தையும் வகுப்பில் கற்பதில்லை. வகுப்பில் கற்பது எழுத்தும் இலக்கணமும். இரண்டு வயதில் வேற்றுமை உருபைப் பிழையின்றிப் பயன்படுத்தும் குழந்தைக்கு, அதே வயதில் வேற்றுமைகளின் பட்டியலைச் சொல்லிக்கொடுப்பதில்லை. சரளி வரிசை இசையின் இலக்கணப் பாடம். மொழி ஒப்புமையை அதன் மேல் ஏற்றினால் ஒப்புமை தாங்காது.

‘சீக்கிரம்’ என்பவர்கள் எடுத்துக்காட்டும் இன்னொரு சான்று, துணையொலி எதுவுமின்றி ஒரு சுரத்தைக் கேட்டவுடன் இன்ன சுரம் என்று பெயர் சொல்லும் திறன். அத்திறன் உடையவர்களுள் பெரும்பாலோர் ஆறேழு வயதுக்கு முன்பே பயிற்சி தொடங்கியவர்கள் என்பது மெய். ஆனால் கருநாடக இசைக்கு அது தேவையே இல்லை. நம் ஷட்ஜம் இடம் மாறக்கூடியது. பாடுபவரின் குரலுக்கு ஏற்ப அது எங்கும் நிற்கும், மற்றச் சுரங்கள் அதனோடு கொண்ட உறவால் பெயர் பெறும். மேலைப் பியானோ வகுப்புக்குச் சொல்லப்படும் அந்த அவசரத்தை நம் வகுப்புக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. தாளத்தைப் பொறுத்தவரை மட்டும் ஒரு சான்றை ஒதுக்கிவிட முடியாது. மான்ட்ரியாலில் கன்கார்டியா பல்கலைக்கழகத்தின் வர்ஜீனியா பென்ஹியூன் குழுவினர், ஏழு வயதுக்கு முன் தொடங்கியவர்களையும் பின் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். இரு சாராரின் மொத்தப் பயிற்சி ஆண்டுகள் சமமாக இருக்குமாறு பார்த்துக்கொண்டார்கள். தாளத்தோடு கையை இணைக்கும் சோதனைகளில் முன்னவர் சற்றுத் துல்லியமாக இருந்தனர். அது குழுக்களின் சராசரி. மேலும், சிறு வயதிலேயே பயிற்சிக்கு அனுப்பும் வீட்டில் இசை முன்பே ஒலித்துக்கொண்டிருந்திருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி வகுப்பறைக்குள் வருவோம். முதல் நாள் பாடம் எளிமையானது என்றே பெற்றோர் எண்ணுகிறார்கள். மாயாமாளவகௌளையில் ஏழு சுரங்கள் ஏறி, எட்டாவதாக மேல் ஷட்ஜத்தைத் தொட்டு, வந்த வழியே இறங்க வேண்டும். ஆதி தாளம், முதற்காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம். இதில் குழந்தை ஒரே நேரத்தில் செய்ய வேண்டியவற்றைப் பிரித்துப் பார்த்தால் எளிமை மறைந்துவிடும். சுருதிப்பெட்டியின் ஒலியைக் கேட்டு அதில் குரலை நிறுத்த வேண்டும். ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையே பெரிய தாவல், அதன் இரு பக்கமும் மிகச் சிறிய படிகள். அவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். சுரத்தின் பெயரை வாய் சொல்ல வேண்டும். கை ஒரு தட்டுக்குப் பின் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணி, பிறகு இருமுறை தட்டும் வீச்சும் போட வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை பலவற்றுக்கு மோதிரவிரல் தனியே மடங்காது, பக்கத்து விரலையும் இழுத்துக்கொண்டே வரும். குழந்தையின் கவனம் விரலில் இருக்கும்போது குரல் நழுவும், குரலில் இருக்கும்போது தாளம் நிற்கும். ஆசிரியர் அதைக் கவனக்குறைவு என்பார். உண்மையில் கவனம் முழுதும் செலவாகிவிட்டது.

முதற்காலம் மெதுவானது, ஆதலால் எளியது என்ற நம்பிக்கையும் சரியன்று. சிறு குழந்தை தானாகக் கை தட்டும் வேகம் வளர்ந்தவரின் வேகத்தைவிட மிகுதி. அதைவிட மெதுவான வேகத்தில் சீராகத் தட்ட அதனால் இயலாது, இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போகும். நாம் குழந்தைக்காகவே காலத்தை விளம்பமாக்குகிறோம், அதுவே குழந்தைக்குக் கடினமாகிறது. இரண்டாங்காலத்தில் வேறொரு சிக்கல் வரும். தாளம் மாறாமல் நிற்க, சுரங்கள் மட்டும் இரட்டிக்க வேண்டும். வாய் விரைந்தால் கையும் கூடவே விரையும். இரண்டையும் பிரித்து வைக்கும் ஆற்றல் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏழு வயதையொட்டித்தான் கைகூடுகிறது.

இதையெல்லாம் நான் நெருங்கிப் பார்த்தது என் அக்கா மகளிடம். ஐந்து வயது ஐந்து மாதம் ஆகியிருந்தபோது, வீட்டுக்கு அருகே நடக்கும் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். ஒன்பது குழந்தைகள், வாரம் இருமுறை, முக்கால் மணி நேரம். நான்காம் மாதம் ஆசிரியை அக்காவை அழைத்து, “குழந்தைக்குச் சுருதியே சேரல, ஞானம் இல்லாத குழந்தையை வற்புறுத்த வேண்டாம்” என்று சொல்லியிருக்கிறார். அக்கா என்னிடம், “நீதான் குரலை அளக்கிற ஆராய்ச்சி பண்றே, உண்மையைச் சொல்லு, நிறுத்திடட்டுமா?” என்று கேட்டாள். வகுப்பைப் பற்றிய கவலையைவிடப் பெரிய கவலை ஒன்று அவளுக்கு இருந்தது. குளிக்கும்போதும் பொம்மைகளோடும் ஓயாமல் பாடிக்கொண்டிருந்தவள் வீட்டிலும் பாடுவதை நிறுத்திவிட்டிருந்தாள்.

பேச்சொலியை ஆராய நாங்கள் பயன்படுத்தும் ‘பிராட்’ மென்பொருளில் அவள் குரலை மூன்று மாலைகள் பதிந்து பார்த்தேன். முதலில் பாட்டு எதுவும் கேட்கவில்லை. பொம்மையைக் கூப்பிடச் சொன்னேன், பள்ளியில் பாடும் இந்திப் பாட்டைப் பாடச் சொன்னேன். அவள் குரல் சிரமமின்றி உலவிய எல்லை ஏறத்தாழ 230 ஹெர்ட்ஸிலிருந்து 410 ஹெர்ட்ஸ் வரை. வகுப்பில் சுருதி ஐந்து கட்டை, அது ஆசிரியையின் குரலுக்கு ஏற்றது. ஐந்து கட்டையில் ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அதாவது எல்லாச் சுரங்களும் எங்கிருந்து பிறக்கின்றனவோ, அந்த முதற்சுரமே அவள் குரலின் தரைக்குக் கீழே இருந்தது. கிடைக்காத இடத்துக்கு இறங்க முடியாமல், தனக்குக் கிடைத்த மிகத் தாழ்ந்த ஒலியைப் பிடித்து அங்கிருந்து ஏறியிருக்கிறாள். பதிவில் அது தெளிவாகத் தெரிந்தது. அவள் சுரங்களின் இடைவெளிகள் பெருமளவு ஒழுங்காக இருந்தன, வரிசை முழுவதும்தான் சுருதியை விட்டு மேலே நகர்ந்திருந்தது.

சுருதியை ஆறரைக் கட்டைக்கு உயர்த்தினேன். ஷட்ஜம் 233 ஹெர்ட்ஸ் ஆனது. இரண்டாம் முயற்சியிலேயே அவள் குரல் சுருதிப்பெட்டியோடு ஒன்றியது. பஞ்சமம் 350இல் நிற்கிறது, அதுவரை சிக்கலில்லை. மேல் ஷட்ஜமோ 466. அங்கே கழுத்து நிமிர்ந்தது, தாடை முன்னே வந்தது, பாட்டு கூச்சலாயிற்று. அப்போதுதான் கணக்கு முழுமையாகப் புரிந்தது. 230க்கும் 410க்கும் இடையே ஒரு முழுத் தாயி இல்லை. பத்து அரைச்சுரங்களே உள்ளன. சுருதியை எங்கே வைத்தாலும் கீழ் ஷட்ஜமோ மேல் ஷட்ஜமோ அவள் எல்லைக்கு வெளியே போய்விடும். சரளியின் முதல் வரிசையோ முழுத் தாயியையும் கேட்கிறது. அவள் செவியில் குறையில்லை. அந்தப் பாடம் கேட்ட குரல் அவளிடம் இன்னும் வளரவில்லை. ஐந்தாறு வயதில் இது மிகச் சாதாரணமான நிலை. ஏழெட்டு வயதுக்குள் பலருக்கும் எல்லை தானாக விரிந்துவிடும்.

இந்த ஒரு குழந்தையிடமிருந்து விதி வகுக்க முடியாது. ஆனால் இதன் வெளிச்சத்தில் ஒவ்வொரு வயதிலும் என்ன இயலும் என்பதை ஓரளவு வரிசைப்படுத்தலாம்.

மூன்று, நான்கு வயதில் குழந்தை பாட்டின் சொல்லையும் மெட்டின் உருவத்தையும் பிடித்துக்கொள்கிறது. எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பது சரியாக இருக்கும். ஆனால் தொடங்கிய சுருதியில் முடிக்காது, நடுவில் வேறிடத்துக்கு நகர்ந்துவிடும். பேச்சு கற்கும் குழந்தையின் உச்சரிப்புப் பிழை போன்றதே இது. திருத்த வேண்டியதில்லை. இந்த வயதுக்குத் தேவை கேட்பதும், உடன் பாடுவதும், அதன் வேகத்துக்கு நாம் கை தட்டுவதும்தான். முறையான வகுப்பு இங்கே எதையும் கூட்டுவதில்லை.

ஐந்து, ஆறு வயதில் சுருதி உகந்த உயரத்தில் இருந்தால் ஒரு மூச்சளவு ஷட்ஜத்தில் நிற்க முடியும். ஆசிரியர் பாடும் மூன்று நான்கு சுரங்களைக் கேட்டுத் திருப்பிப் பாட முடியும். எனவே ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையிலான சிறு தொடர்கள், எளிய நாமாவளிகள், விரலெண்ணிக்கையின்றி எட்டுத் தட்டுகளாகவே போடும் ஆதி தாளம் ஆகியவை போதும். பாடும்போது தாளத்தை ஆசிரியர் போடலாம், தாளம் போடும்போது ஆசிரியர் பாடலாம். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் கற்பது நின்று உட்கார்ந்திருப்பது மட்டும் மிஞ்சும்.

ஏழு, எட்டு வயதில் கையும் வாயும் பிரிந்து இயங்கத் தொடங்குகின்றன. குரல் தாயியை எட்டுகிறது, எழுதப்பட்ட சுரக்குறிப்பைப் படிக்கவும் முடிகிறது. சரளி, ஜண்டை என்று மரபு வகுத்த வரிசை இந்த வயதில் தொடங்கினால் இயல்பாக ஓடும். ஒன்பது, பத்து வயதில் தொடங்குபவர்கள் தாமதித்துவிட்டதாக வருந்த வேண்டியதில்லை. மூன்று காலமும் அலங்காரங்களின் ஏழு தாளங்களும் அவர்களுக்கு விளங்கிப் பதிகின்றன. ஐந்து வயதில் தொடங்கியவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் கடக்கும் தொலைவை அவர்கள் ஓராண்டில் கடப்பதைப் பல வகுப்புகளில் காணலாம்.

பன்னிரண்டு வயதையொட்டித் தொடங்கும் பையன்களுக்கு மட்டும் ஒரு முன்னறிவிப்பு தேவை. ஓரிரு ஆண்டுகளில் குரல் உடையும், ஏறத்தாழ ஒரு தாயி கீழே இறங்கும். அந்த மாதங்களில் சுருதியைக் குரல் போகும் வழியே இறக்கிக்கொண்டு, மேல் தாயியை விட்டுவிட்டு, மெல்லப் பாட வேண்டும். பழைய கட்டையிலேயே வலிந்து பாடுவது குரலைக் கெடுக்கும். இது வரப்போகிறது என்று முன்பே தெரிந்த பையன் அதைக் கடந்துவிடுகிறான். தெரியாதவன் தனக்குப் பாட்டு போய்விட்டதென்று எண்ணி வகுப்பை விட்டுவிடுகிறான்.

நடனத்தில் குரலின் இடத்தை இடுப்பெலும்பு எடுத்துக்கொள்கிறது. பரதத்தின் அரைமண்டியில் தொடை இடுப்பு மூட்டிலிருந்து வெளிநோக்கித் திரும்ப வேண்டும். சிறு குழந்தையின் தொடையெலும்பு இயல்பாகவே உள்நோக்கி முறுக்கிய அமைப்பு உடையது. எட்டு வயதுக்குள் அந்த முறுக்கு பெருமளவு தளர்கிறது. அதற்கு முன் அகலமான அரைமண்டியை வற்புறுத்தினால் குழந்தை பாதத்தை மட்டும் வெளியே திருப்பி, முழங்காலையும் கணுக்காலையும் முறுக்கிச் சமாளிக்கும். முன்னால் நின்று பார்த்தாலே இது தெரியும். முழங்கால் பாதத்தின் நடுவிரல் திசையில் நிற்காமல் பெருவிரலுக்கு உட்புறமாகச் சாயும், முதுகின் அடிப்பகுதி குழியும். அப்படியானால் பாதங்களின் கோணத்தைக் குறைத்து, முழங்கால் நேராக நிற்கும் அளவுக்கே அமரச் செய்ய வேண்டும். ஆறு வயதில் தாளத்துக்கு நடப்பது, குதிப்பது, கை முத்திரைகள், கதை சொல்லும் முகபாவம் என்று கற்க நிறைய இருக்கிறது. தட்டடவை மூன்று காலத்தில், அதுவும் சிமெண்டுத் தரையில், அடிக்கும் பயிற்சி எட்டு வயதுக்குப் பிறகு தொடங்கினாலும் எதுவும் இழப்பாகாது.

இங்கே பாலசரஸ்வதியை எதிர்ச்சான்றாகக் காட்டுவார்கள். 1918இல் பிறந்தவர், கந்தப்ப பிள்ளையிடம் சின்னஞ்சிறு வயதில் கற்கத் தொடங்கி 1925இல் காஞ்சிபுரத்தில் ஏழு வயதில் அரங்கேறியவர். மறுக்க முடியாத வரலாறு. ஆனால் அவருடைய பாட்டி வீணை தனம்மாள், தாய் ஜெயம்மாள் பாடகி. பதங்களும் ஜாவளிகளும் அன்றாடம் புழங்கிய வீட்டில் அவருடைய பாடம் தொடங்கியபோது, கேள்வி ஞானம் பல ஆண்டுகளாக நடந்து முடிந்திருந்தது. அந்த வீட்டை விட்டுவிட்டு வயதை மட்டும் நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

எனவே வயதைக் கேட்பவர்களுக்கு நான் மூன்று சிறு சோதனைகளைச் சொல்கிறேன். குழந்தைக்கு வசதியான உயரத்தில் சுருதிப்பெட்டியை வைத்து, ஒரு மூச்சளவு அதனோடு நிற்க முடிகிறதா என்று பாருங்கள். கட்டையை ஒன்று கூட்டினால் குரலும் உடன் நகர்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து, சீராகக் கை தட்டிக்கொண்டே ‘தகதிமி’ சொல்லச் செய்து, பின்பு சொல்லை மட்டும் இரட்டிக்கச் சொல்லுங்கள். கை தன் வேகத்தில் நிற்கிறதா? கடைசியாக, ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள். மறுநாளும் அது நினைவில் இருக்கிறதா? மூன்றும் இருந்தால் சரளி தொடங்கலாம், வயது ஆறாயினும் சரி, ஒன்பதாயினும் சரி. முதலாவது மட்டும் இருந்தால் பாடலாம், பாடத்துக்குப் பொறுக்கலாம். முதலாவதே இல்லையென்றால் முதலில் சுருதியைச் சந்தேகியுங்கள், பிறகு குழந்தையை. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒரு கேள்வி போதும்: “சின்னக் குழந்தைகளுக்கு எத்தனை கட்டையில் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?” குழந்தையைப் பாடச் சொல்லிக் கேட்ட பிறகு சொல்கிறேன் என்பவரிடம் தயங்காமல் விடலாம்.

அக்கா அந்த வகுப்பை நிறுத்தினாள். வேறு வகுப்பிலும் உடனே சேர்க்கவில்லை. மாலையில் ஆறரைக் கட்டையில் சுருதிப்பெட்டி கால்மணி நேரம் ஒலிக்கும். இருவரும் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை ஏறி இறங்குவார்கள், பிறகு ஏதேனும் ஒரு நாமாவளி. நான்கு மாதங்களுக்குப் பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறையிலிருந்து பாட்டு கேட்டதாக அக்கா செய்தி அனுப்பினாள். இந்த விஜயதசமிக்கு அவளுக்கு ஆறு வயது எட்டு மாதம். மேல் ஷட்ஜம் இன்னும் முழுதாக எட்டவில்லை. அடுத்த விஜயதசமிக்குப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.